ஐந்து மணி நேரப் பதிவு, மூன்று நிமிட வேண்டுகோள்: எதை வைப்பது, எங்கே கேட்பது?

கூரைக்காரி · ஜூன் 2, இரவு 11:10

எங்கள் சமூக நூலகத்துக் கூரை ஒழுகுகிறது. 1,400 சதுர அடி. உள்பக்கம் பாதிக்கு மேல் காரை பெயர்ந்துவிட்டது. நிதி கேட்டு ஒரு வீடியோ செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எடிட்டிங் கொஞ்சம் தெரியும் என்று வாய் விட்டதன் பலன்.

கையில் ஆறு பேட்டி இருக்கிறது, மொத்தம் 3 மணி 40 நிமிடம். பேசியவர்கள்: தலைவர், நூலகர், ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர், இரவு வேலை முடித்துக் காலையில் வந்து தேர்வுக்குப் படிக்கும் ஒருவர், பள்ளி மாணவி, கூரையைப் பார்த்து மதிப்பீடு சொன்ன கொத்தனார். கட்டடத்தில் எடுத்த காட்சிகள் 1 மணி 20 நிமிடம்.

முதல் வெட்டு 7 நிமிடம் 20 நொடி வந்தது. தலைவர் வரவேற்பு, நூலகம் தொடங்கிய கதை, எத்தனை புத்தகம், எத்தனை உறுப்பினர், ஆளுக்கு ஒரு நிமிடம் பாராட்டு, பிறகு கூரை, கடைசியில் "தாராளமாக உதவுங்கள்". ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டிவிட்டு மூன்றே கேள்வி கேட்டேன். என்ன உடைந்திருக்கிறது? உங்களிடம் என்ன கேட்கிறோம்? எப்போதுக்குள்? முதல் கேள்விக்கு மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். இரண்டாவதற்கு ஒருவர் "பழைய புத்தகம் இருந்தா தரணுமா?" என்றார். மூன்றாவதற்கு யாரும் வாயே திறக்கவில்லை.

வரிசை தப்பா, நீளம் தப்பா?

லென்ஸ்பித்து · ஜூன் 2, இரவு 11:31

எந்த கேமராவில் எடுத்தீர்கள்? 50 மி.மீ. லென்ஸில் பேட்டி எடுத்தால் பின்னணி மங்கி முகம் தனியாக நிற்கும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

கூரைக்காரி · ஜூன் 2, இரவு 11:34

எடுத்து முடித்தாயிற்று. பின்னணி மங்கினால் ஒழுகுகிற சுவரும் மங்கிவிடும்.

விளம்பரத்தம்பி · ஜூன் 3, காலை 8:05

அக்கா, நீளம்தான் தப்பு. 60 நொடிக்கு மேல யாரும் பார்க்க மாட்டாங்க. முதல் பத்து நொடியிலேயே பணத்தைக் கேட்டுடுங்க. எண்ணிக்கை எல்லாத்தையும் தூக்கிடுங்க, ஒரே ஒரு ஆளை மட்டும் காட்டுங்க. எண் சொன்னா தருகிற மனசு குறையும்னு ஆராய்ச்சியே இருக்கு. சோகமா ஒரு பியானோ போடுங்க, முடிஞ்சது.

பழைய மேசை · ஜூன் 3, மதியம் 1:20

தம்பி சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று பிறகு வருகிறேன்.

கூரைக்காரி, நீங்கள் டைம்லைனில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கியிருப்பீர்கள். ஏழு நிமிடம் வந்ததற்குக் காரணம் அதுதான். ஆறு பேரும் தெரிந்தவர்கள், ஒருவரையும் விட மனசு வராது. விட்டால் நாளைக்கு எதிரே பார்க்கிறவர்கள்.

மென்பொருளை மூடுங்கள். ஆறு பேட்டியையும் சொல் சொல்லாக எழுதுங்கள், பேச்சு மொழி அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு பத்தி பக்கத்திலும் டைம்கோடு, அது பதிவில் எந்த நிமிடம், எந்த நொடியில் வருகிறது என்று. அச்செடுத்து, நன்றாக இருக்கும் வாக்கியங்களைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டித் தரையில் பரப்புங்கள். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு சொல் எழுத வேண்டும். "உடைந்தது", "யாருக்கு", "ஏன் இப்போது", "என்ன செய்வோம்", "நம்பலாமா". இந்த ஐந்தில் எதிலும் சேராத துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் தனி உறைக்குப் போகட்டும். பாராட்டு எல்லாம் அந்த உறைக்குத்தான் போகும், பாருங்கள்.

கூரைக்காரி · ஜூன் 3, இரவு 10:50

எழுதவே நான்கு நாள் ஆகும் போலிருக்கிறது. ஒரு மணி நேரப் பேட்டியை எழுத எனக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. ஓய்வு பெற்றவர் மட்டும் 58 நிமிடம் பேசியிருக்கிறார். அதில் கூரை என்ற சொல் இரண்டு முறை.

தோட்டத்தக்கா · ஜூன் 4, காலை 6:40

எங்கள் கதையைச் சொல்கிறேன். முதியோர் பகல் பராமரிப்பு இடத்துக்காக ஒரு வீடியோ செய்தோம். ஒரு பாட்டி, தனிமை, ஜன்னல், மெல்லிய இசை. அரங்கத்தில் போட்டபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வரும்போது கையைப் பிடித்து "ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க" என்றார்கள். பெட்டியில் விழுந்தது சொற்பம்.

பிறகுதான் புரிந்தது. கடைசிக் காட்சியில் பாட்டி மற்றவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், பிறகு நன்றி, பெயர்ப்பட்டியல். பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி. நாங்களே முடித்துவைத்த கதைக்கு அவர்கள் எதற்குக் காசு தர வேண்டும்?

பழைய மேசை · ஜூன் 4, மதியம் 12:55

அக்கா ஒரே பத்தியில் சொல்லிவிட்டார்கள். குறை திறந்து கிடக்கும்போதே கேட்க வேண்டும். தீர்வைப் படமாகக் காட்டிவிட்டுக் கேட்டால் அது நன்றி அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். நல்ல முடிவைப் பார்க்க ஆசை இருந்தால் அதைப் பேச்சில் மட்டும் வையுங்கள், "கூரை மாறினா இந்த மூலையில மறுபடியும் மேசை போடுவோம்" என்பதுபோல. கண்ணுக்குத் தெரிவது மூலையில் இருக்கும் பக்கெட்டாக இருக்கட்டும்.

அதனால்தான் தம்பியின் பத்து நொடி யோசனையும் ஒத்துவராது. பத்தாவது நொடியில் இன்னும் எதுவும் உடையவில்லை. ஆனால் உடைந்ததைப் பத்தாவது நொடிக்குள் காட்டிவிட வேண்டும். அந்த அவசரம் சரி.

விளம்பரத்தம்பி · ஜூன் 4, மதியம் 1:10

எண் விஷயம்?

பழைய மேசை · ஜூன் 4, மதியம் 1:45

நீங்கள் சொல்லும் ஆய்வு 2007-இல் வந்தது. ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் மூவரும் எழுதியது. ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள், பல லட்சம் பேரின் பசியைப் பற்றிய புள்ளிவிவரம் படித்தவர்களைவிட அதிகம் தந்தார்கள். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்களும் குறைவாகவே தந்தார்கள். அதுவரை நீங்கள் சொன்னது சரி.

அங்கே இருந்த எண் துன்பம் எவ்வளவு பெரியது என்று காட்டுவது. இவர்கள் வீடியோவில் இரண்டு வகை எண் இருக்கிறது. "இத்தனை ஆயிரம் புத்தகம், இத்தனை உறுப்பினர்" என்பது போகட்டும். "நீங்கள் தருவதில் இவ்வளவு கூரை மாறும்" என்பது இருந்தே ஆக வேண்டும். அது இல்லாததால்தான் ஒருவர் பழைய புத்தகம் தரவா என்று கேட்டார். தவிர, அது ஒரு சிறுமியின் பசி, இது ஒரு கட்டடம். ஒன்றை எடுத்து மற்றதில் அப்படியே பொருத்த எனக்குத் துணிச்சல் இல்லை.

கணக்குப்பிள்ளை · ஜூன் 4, இரவு 9:15

கூரையைப் பத்துப் பத்துச் சதுர அடியாகப் பிரியுங்கள். 140 பங்கு. மொத்தத் தொகையை 140-ஆல் வகுத்து, ஒரு பங்குக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். மொத்தத் தொகையைக் கேட்டதும் "நம்மால் ஆகிற காரியமா" என்று கை பின்வாங்கும். ஒரு பங்கு என்றால் ஆளுக்கு ஆள் ஏற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று. 140 பங்கு சேராவிட்டால் என்ன செய்வீர்கள், கூடுதலாகச் சேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று வீடியோ எடுக்கும் முன்பே குழு முடிவு செய்து எழுதி வைக்கட்டும். வந்த பிறகு முடிவு செய்தால் சண்டை.

கூரைக்காரி · ஜூன் 8, இரவு 11:50

எழுதி முடித்தேன். 61 பக்கம். வெட்டிப் பரப்பியதில் 94 துண்டு. உறைக்குப் போனவை 57. தலைவர் பேட்டியில் இருந்து தரையில் தங்கியது ஒரே ஒரு துண்டு.

எதிர்பாராதது ஒன்று. "யாருக்கு" குவியலில் மாணவி, ஓய்வு பெற்றவர், இரவு வேலைக்காரர் மூவரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அமைதியான இடம், வீட்டில் இடமில்லை. முதல் வெட்டில் அதையே மூன்று முறை கேட்க வைத்திருக்கிறேன். மாறாக "ஏன் இப்போது" குவியலில் இரண்டே துண்டு, இரண்டும் கொத்தனாருடையது. கேமரா முன்னால் கூச்சப்பட்டவர் அவர் ஒருவர்தான், பேட்டி 14 நிமிடம்தான். அதில்தான் கதை இருந்திருக்கிறது.

அவர் சொன்னது: "உள்ள இருக்கிற கம்பி துரு ஏறினா ஊதும். ஊதினா காரையைப் பிளக்கும். பிளந்த வழியா தண்ணி போகும், தண்ணி போனா இன்னும் துரு. அது தானா நிக்காது."

நூலகரை முதுகெலும்பாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். "வானம் இருட்டினா எல்லாரும் மேல பார்ப்பாங்க, நான் கவிதை அலமாரியைப் பார்ப்பேன்" என்கிறார். முதலில் ஒழுகுவது அதன் மேல்தான்.

பழைய மேசை · ஜூன் 9, காலை 9:30

அந்த அலமாரி வரியை விட்டுவிடாதீர்கள். மூவரில் இரவு வேலைக்காரர் போதும். மாணவியை வைக்க வேண்டுமானால் வேறு வேலை கொடுங்கள், அதே வேலையை அல்ல.

இப்போது சத்தத்தை மட்டும் வைத்து ஒரு வெட்டு. படம் எதையும் தொடாதீர்கள். பேச்சுத் துண்டுகளை வரிசைப்படுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ரேடியோ கேட்பதுபோல. புரிகிறதா, அடுத்தது என்ன என்று கேட்கத் தோன்றுகிறதா? அதில் நிற்காத கதையைப் படம் போட்டு நிறுத்த முடியாது. மூன்று நிமிட வீடியோவுக்குப் பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மீதி மூச்சு விட.

கூரைக்காரி · ஜூன் 11, இரவு 12:20

சத்தவெட்டு 2 நிமிடம் 5 நொடி. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் தமிழில் வெட்டுவது தனித் தொல்லை. வினை கடைசியில் வருகிறது. வாக்கியத்தின் வாலை நறுக்கினால் பொருளே போய்விடும். "மழை வந்தா..." என்று குரல் மேலே தூக்கிய இடத்தில் வெட்டினால் தொங்கிக்கொண்டு நிற்கிறது. போதாததற்கு எல்லாரும் "அது", "அங்க", "அந்த மாதிரி" என்றே பேசியிருக்கிறார்கள். நான் கேட்ட கேள்வியை எடுத்துவிட்டால் "அது" எது என்று யாருக்கும் தெரியாது.

பழைய மேசை · ஜூன் 11, காலை 10:05

அடுத்த முறை பேட்டிக்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "என் கேள்வி வீடியோவில் வராது, அதனால் எதைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதன் பேரைச் சொல்லித் தொடங்குங்கள்." பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். மறந்தால் பதிலை இன்னொரு முறை கேட்டு வாங்க வேண்டியதுதான். இப்போதைக்கு "அது" வரும் இடத்தில் அந்தப் பொருளையே படமாகப் போடுங்கள். கேட்கிறவர் கண்ணால் நிரப்பிக்கொள்வார்.

கூரைக்காரி · ஜூன் 13, இரவு 10:15

படம் போடத் தொடங்கியதும் பெரிய ஓட்டை தெரிகிறது. எல்லாம் வெயில் நாளில் எடுத்தது. வீடியோ முழுக்க ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று பேசுகிறார்கள், காட்சியில் பளிச்சென்று காய்ந்த கட்டடம். ஜன்னல் வழியாக வெயில் விழுந்து பார்க்கவே ரம்மியமாக இருக்கிறது!

விளம்பரத்தம்பி · ஜூன் 13, இரவு 10:22

மேல ஒரு குழாய் வச்சுத் தண்ணி விடுங்க அக்கா. ஒழுகுறது உண்மைதானே. உண்மையைத்தானே காட்டுறோம்.

கணக்குப்பிள்ளை · ஜூன் 13, இரவு 10:40

குழாய் வைத்ததைப் பக்கத்து மாடியிலிருந்து ஒருவர் கைபேசியில் எடுத்தால் போதும். பிறகு 140 பங்கும் அப்படியே நிற்கும்.

பழைய மேசை · ஜூன் 14, காலை 8:50

தண்ணீர் விட வேண்டாம். மழை போன பிறகும் தடம் இருக்கும், அதைத் தேடுங்கள். மழை வீடியோ உறுப்பினர்கள் கைபேசியில் கட்டாயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். நெட்டுக்குத்தாக இருந்தால் அப்படியே விடுங்கள், இருபுறமும் கறுப்பு நின்றால் நிற்கட்டும். சட்டகத்தை நிரப்ப இழுத்துப் பெரிதாக்காதீர்கள். ஆடி ஆடி எடுத்த படம் என்பதே அதற்குச் சாட்சி. மூலையில் எடுத்த மாதத்தைப் போடுங்கள்.

கூரைக்காரி · ஜூன் 17, இரவு 11:05

பதினொரு கிளிப் வந்தது. ஒன்பதில் யாரோ சிரிக்கிறார்கள் அல்லது விரல் மறைக்கிறது. இரண்டு தேறியது. ஒன்றில் பக்கெட்டில் சொட்டு விழும் சத்தம் அவ்வளவு தெளிவு.

தடம் தேடிப் போனதில் கண்டது: கவிதை அலமாரிக்குக் கீழே தரையில் இரண்டு கோடு. அலமாரியை இழுத்து இழுத்து விழுந்த கீறல். சுவரிலிருந்து நாலடி தூரம் வரை நீள்கிறது. தினமும் தாண்டிப் போகிற இடம், இத்தனை வருஷம் நான் பார்த்ததே இல்லை. பக்கெட் வைத்த இடங்களில் வட்டக் கறை. நூலகர் குறிப்பேட்டில் எந்த நாள் எந்த அலமாரி நகர்ந்தது என்ற பட்டியல்.

நூலகர் "அலமாரியை நகர்த்துவோம்" என்று சொல்லும்போது முதலில் அலமாரியின் படத்தைப் போட்டேன். சொன்னதையே படமும் சொல்லிற்று, சப்பென்று இருந்தது. கீறலைப் போட்டதும் ஆளே நிமிர்ந்து உட்காரும்படி இருக்கிறது. எத்தனை முறை நகர்த்தியிருப்பார்கள் என்று பேச்சில் யாரும் சொல்லவில்லை, தரை சொல்கிறது.

லென்ஸ்பித்து · ஜூன் 17, இரவு 11:20

கீறலுக்கு மேக்ரோ லென்ஸ் இருந்தால்

லென்ஸ்பித்து · ஜூன் 17, இரவு 11:21

சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் விளக்கைப் பக்கவாட்டில் தரையோடு தாழ்த்தி வைத்து எடுங்கள். நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது.

கூரைக்காரி · ஜூன் 18, காலை 7:30

எடுத்துப் பார்த்தேன். இந்த இழையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டாயிற்று.

கூரைக்காரி · ஜூன் 20, இரவு 11:40

இரண்டாவது வெட்டு, 2 நிமிடம் 50 நொடி.

தொடக்கத்தில் பேச்சு இல்லை. எட்டு நொடி கைபேசி மழை, சொட்டுச் சத்தம். பிறகு நூலகர், அலமாரி, கீறல். 35-ஆவது நொடியில் இரவு வேலைக்காரர் வருகிறார், இந்த மேசை இல்லாவிட்டால் எங்கே படிப்பார் என்று அரை நிமிடம். 1:05-இல் கொத்தனார், துருக் கதை, "அடுத்த மழைக்குத் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்". அங்கேயே அதைப் பிடித்துக்கொண்டு 1:35-இல் நூலகர் கேட்கிறார்: பத்துச் சதுர அடி ஒரு பங்கு, 140 பங்கு வேண்டும், மழைக்கு முன்னால். அதன் பிறகு அந்தப் பங்கில் என்ன நடக்கும் என்று கொத்தனார் சொல்கிறார்: பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, மேலே புதுப் பூச்சு. தலைவரின் ஒரே துண்டு 2:15-இல். கடைசியில் திரை முழுக்க எழுத்துப் பலகை.

தலைவரை எங்கே வைப்பது என்று தவித்தேன். கணக்குப்பிள்ளை சொன்னது வழி காட்டிற்று. மறுபடி உட்கார வைத்து ஒரே கேள்வி: பணம் யார் கையில் இருக்கும், சேராவிட்டால் என்ன? "முழுசா சேரலைன்னா கவிதைப் பக்கத்துல இருந்து தொடங்குவோம், எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு வாசல் பலகையில எழுதுவோம்" என்றார். வரவேற்புரையைவிட நூறு மடங்கு நன்றாகப் பேசினார். அவருக்கும் சந்தோஷம்.

பழைய மேசை · ஜூன் 21, மதியம் 2:10

பார்த்தேன், நிற்கிறது. மூன்று சொல்கிறேன்.

நூலகர் பேசும் அறைக்கும் கொத்தனார் பேசும் அறைக்கும் மின்விசிறிச் சத்தம் வேறு. ஒவ்வொரு வெட்டிலும் காது துள்ளுகிறது. ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்து வந்து அடியில் ஓட விடுங்கள்.

இரவு வேலைக்காரர் "எனக்கு வேற இடம் கிடையாது" என்று சொல்லி நிறுத்தும் நொடியில் மேசையைக் காட்டுகிறீர்கள். அங்கே முகம் வேண்டும். வெட்டின தழும்பு தெரிந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது, கொத்தனார். அந்த வாக்கியத்தின் முன்னால் என்ன இருந்தது? குரல் பாதியில் தொடங்குகிற மாதிரி இருக்கிறது.

கூரைக்காரி · ஜூன் 21, இரவு 9:00

பிடித்துவிட்டீர்கள். முழு வாக்கியம்: "இந்த மழைக்குத் தாங்கும், அடுத்த மழைக்குத் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்." முன்பாதியை எடுத்துவிட்டேன். இருந்தால் அவசரம் குறைகிறது.

விளம்பரத்தம்பி · ஜூன் 21, இரவு 9:12

நல்லாத்தானே வெட்டியிருக்கீங்க? அவர் சொல்லாத ஒண்ணும் அதுல இல்லையே.

தோட்டத்தக்கா · ஜூன் 21, இரவு 9:50

தம்பி, எங்கள் வீடியோவிலும் இப்படி ஒன்று நடந்தது. உதவியாளர் ஒருவர் "பாட்டியை யாரும் பார்க்க வர்றதில்லைன்னு சொல்லிக்கிறாங்க" என்றார். "னு சொல்லிக்கிறாங்க" போய்விட்டது. அந்த நாலு எழுத்து போனதும் கேள்விப்பட்டது நடந்தது ஆகிவிட்டது. பேரன் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தான், வாரா வாரம் வருகிறவன். நாங்கள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லைதான்.

பழைய மேசை · ஜூன் 22, காலை 9:15

நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்று. வெட்டிய துண்டை அதைச் சொன்னவருக்கே தனியாகப் போட்டுக் காட்டி, "இது நீங்கள் சொன்னதுதானா?" என்று கேட்பேன். "ஆமா, ஆனா..." என்று வந்தால் அந்த "ஆனா"வில்தான் நான் வெட்டியிருக்கிறேன்.

கூரைக்காரி · ஜூன் 24, இரவு 10:30

கொத்தனாரிடம் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். பிறகு, "இந்த மழைக்குத் தாங்கும்னு சொன்னேனே, அது எங்க? நாளைக்கு இதைப் பார்த்துட்டுப் பிள்ளைங்களை யாரும் அனுப்பலைன்னா?" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. படிக்க வருகிறவர்களுக்காகக் கேட்கிற வீடியோ அவர்களையே பயமுறுத்தி விரட்டியிருக்கும்.

முழு வாக்கியத்தைத் திரும்ப வைத்தேன். மூன்று நொடி கூடிற்று. கேட்டுப் பார்த்தால் முன்பைவிட பலமாக இருக்கிறது. கூடக் குறையச் சொல்லாத ஆள் என்று அவர் மேல் நம்பிக்கை வருகிறது. அவசரம் குறையும் என்று நினைத்தது என் தப்புக் கணக்கு.

ஜூன் 20 பதிவில் "மழைக்கு முன்னால்" என்று எழுதியிருந்தேன். அதுவும் தப்பு. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால். நூலகரிடம் மறுபடி பதிவு செய்தேன்.

தோட்டத்தக்கா · ஜூன் 25, காலை 6:55

மாணவி என்ன ஆனாள்?

கூரைக்காரி · ஜூன் 25, இரவு 8:20

அவளுக்கு "என்ன செய்வோம்" பகுதியில் ஒரு வரி வைத்திருந்தேன். அம்மா ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார். முழு வெட்டைப் பார்த்தபின் அப்பா வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன். பேட்டி எடுத்தபோது இது எங்கே, எவ்வளவு நாள் ஓடும் என்று தெளிவாகச் சொல்லாதது என் தப்பு. அவள் எழுதி வைத்திருந்த நோட்டுப் பக்கத்தை மட்டும் காட்டலாம் என்று அவளே யோசனை சொன்னாள். மழை பட்டு மசி கரைந்த பக்கம். வீட்டில் சரி என்றார்கள்.

விளம்பரத்தம்பி · ஜூன் 25, இரவு 8:45

ஒரு விஷயத்துல மட்டும் நான் இன்னும் மாறலை. நூலகர் ஏன் கேக்கணும்? இரவு வேலைக்காரர் கேட்டா இன்னும் பலமா இருக்கும்ல?

பழைய மேசை · ஜூன் 25, இரவு 10:10

பலமாக இருக்கலாம். உதவி பெறுகிறவரையே கை நீட்ட வைப்பது எனக்குப் பிடிக்காது. அவர் தன் வாழ்க்கையைச் சொல்லட்டும், கேட்பது பொறுப்பில் இருப்பவர் வேலை.

தோட்டத்தக்கா · ஜூன் 26, காலை 7:10

எனக்கு இதில் உடன்பாடில்லை. எங்கள் பாட்டி "நானே கேக்கிறேன், எனக்கென்ன வாயில்லையா?" என்றார். கேட்கவிடாமல் வைத்ததுதான் அவருக்கு அவமானம்.

கூரைக்காரி · ஜூன் 26, இரவு 9:30

அவரிடமே கேட்டேன். "நூலகர் அக்கா கேக்கட்டும், ஆனா நான் ஒரு பங்கு போட்டிருக்கேன்னு சொல்லிக்கிறேன்" என்றார். நிஜமாகவே போட்டிருக்கிறார். அந்த வரி 2:25-இல் போயிற்று, எழுத்துப் பலகைக்குச் சற்று முன்னால்.

கணக்குப்பிள்ளை · ஜூன் 27, காலை 10:00

கடைசியில் வரும் எழுத்துப் பலகையைத் தனிக் கோப்பாக வைத்திருங்கள். பங்கு நிரம்ப நிரம்ப எண் மாறும், ஒவ்வொரு தடவையும் முழு வீடியோவைத் தோண்ட வேண்டாம். குறைந்தது எட்டு நொடி நிற்கட்டும். கைபேசியை எடுத்து, கேமராவைத் திறந்து, க்யூஆர் குறியைப் பிடிக்க அவ்வளவாவது வேண்டும். நான் நொடி எண்ணிப் பார்த்திருக்கிறேன், என் அப்பாவுக்குப் பதினாறு.

கூரைக்காரி · ஜூலை 1, இரவு 11:15

புது ஐந்து பேர், அதே மூன்று கேள்வி. என்ன உடைந்தது: ஐந்து பேரும். என்ன கேட்கிறோம்: ஐந்து பேரும் "பத்துச் சதுர அடி" என்றார்கள். எப்போதுக்குள்: மூன்று பேர். மற்ற இருவர் "சீக்கிரம்" என்றார்கள். பலகையில் மாதத்தைப் பெரிதாக்கினேன்.

தம்பிக்காக ஒரு 55 நொடி வெட்டும் செய்தேன். சத்தமில்லாமல் பார்ப்பார்கள் என்று முழுக்க சப்டைட்டில். அதில் சொட்டுச் சத்தம் இல்லாத மழை வெறும் மங்கல் படம். அதனால் கீறலில் தொடங்கினேன்.

பழைய மேசை · ஜூலை 2, காலை 9:00

பெரியதைச் சுருக்கிச் சின்னதைச் செய்யவில்லையே? சின்னதற்கு ஒரே ஆள் போதும்.

கூரைக்காரி · ஜூலை 2, காலை 9:20

கொத்தனார் மட்டும்.

கூரைக்காரி · ஜூலை 19, இரவு 10:45

இரண்டு வாரம் ஆயிற்று. கூட்டத்தில் பெரியதைப் போட்டோம், உறுப்பினர்களுக்குச் சின்னதை அனுப்பினோம். 140-இல் 83 பங்கு.

விளம்பரத்தம்பி · ஜூலை 19, இரவு 10:50

சின்னதுலதானே அதிகம் வந்துச்சு? சொல்லுங்க, சொல்லுங்க.

கூரைக்காரி · ஜூலை 19, இரவு 10:58

தெரியாது. இரண்டிலும் ஒரே க்யூஆர் குறியைப் போட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை · ஜூலை 19, இரவு 11:02

பலகை தனிக் கோப்பு என்று சொன்னேன். இரண்டு கோப்பு என்று சொல்லாமல் விட்டேன். மீதி 57 பங்குக்காவது தனித்தனியாகப் போடுங்கள்.

லென்ஸ்பித்து · ஜூலை 19, இரவு 11:30

கீறல் ஷாட் நன்றாக வந்திருக்கிறது. எந்த விளக்கு?

கூரைக்காரி · ஜூலை 19, இரவு 11:33

கைபேசி விளக்கு. நூலகர் தரையில் படுத்துப் பிடித்துக்கொண்டார்.